புளித்த தயிரும் புளிக்காத தயிரும்

சென்னையில் தோழிகளோடு வீடெடுத்துத் தங்கி வேலை பார்க்கும் என் பேத்தி ஒரு தயிர் பாக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அதில் அச்சடித்திருந்த தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. "தாத்தா, இதைக் கொட்டிரவா, சாப்பிடலாமா? வீட்டுல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிறோம்" என்று கேட்டிருந்தாள். மதுரையில் பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எங்கள் குடும்பத்தில் பால், தயிர் சம்பந்தமான வழக்கெல்லாம் என்னிடம்தான் வரும். அவளுக்குத் தொலைபேசியில் சொன்னதை, வீட்டை விட்டுப் போய்ச் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடத் தொடங்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் நான் தேதியைப் பற்றிப் பேசவில்லை. பாக்கெட்டைத் திறந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். வாங்கியதிலிருந்து ஃப்ரிட்ஜிலேயே இருந்ததா, நடுவில் கரண்ட் போனதா என்று கேட்டேன். ஃப்ரிட்ஜிலேயே இருந்தது, கரண்ட் போகவில்லை. பாக்கெட் உப்பியிருக்கிறதா என்றேன். அழுத்திப் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் இருக்கிறது என்றாள். ஓரத்தை வெட்டி ஒரு கிண்ணத்தில் ஊற்று, வாயில் வைக்காதே, முதலில் வெளிச்சத்தில் பார், பிறகு முகர்ந்து பார் என்றேன். மேலே வெளிர்பச்சை ஓடிய தெளிந்த தண்ணீர் கொஞ்சம், கீழே வெள்ளைத் தயிர், புள்ளியோ வேறு நிறமோ இல்லை, மூக்கில் ஏறும் புளிப்பு வாசனை, அதைத் தவிர வேறு வாசனை இல்லை. "அப்படின்னா மோர்க்குழம்பு வை. இல்லாட்டி ரவா தோசைக்குக் கரைச்சுக்கோ" என்றேன்.

அவள் விடவில்லை. "பால் ஒரு பகல் வெளியில இருந்தாலே கெட்டுப் போகுது. அதே பால்ல செஞ்ச தயிர் மட்டும் எப்படித் தாத்தா தாங்கும்? புளிக்கிறதும் கெட்டுப் போறதுதானே?" என்று கேட்டாள். சரியான கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால், பாக்கெட்டைப் பார்த்து யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

1856ஆம் ஆண்டு பிரான்சின் லீல் நகரில் பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் காய்ச்சும் ஒரு ஆலைக்காரர், தன் தொட்டிகள் சில புளித்துக் கெட்டுப்போவதாக லூயி பாஸ்டரிடம் வந்து முறையிட்டார். பாஸ்டர் நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் இருந்தது. புளித்த தொட்டியில் அதைவிட மிகச் சிறிய வேறு உயிர்கள் நெளிந்தன. மறுவருடமே, பாலைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலம் இப்படிப்பட்ட உயிர்களின் வேலைதான் என்று அவர் எழுதி வெளியிட்டார். சாராய ஆலைக்காரருக்கு அந்த உயிர்கள் நஷ்டம். அதே இனத்தைச் சேர்ந்தவைதான் நம் வீட்டு உறைமோரில் இருக்கின்றன, நமக்கு அவை இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே புளித்தலும் கெடுதலும் நுண்ணுயிர் தின்று பெருகும் ஒரே செயல்தான் என்று பேத்தி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த உயிர், பாலில் எதைத் தின்கிறது, தின்றுவிட்டு எதை விட்டுவைக்கிறது என்பதில்தான் மற்றப் பாதி இருக்கிறது.

பாலில் சர்க்கரை, புரதம், கொழுப்பு மூன்றும் உண்டு. 100 கிராம் பாலில் ஏறக்குறைய ஐந்து கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் இந்தச் சர்க்கரையைத்தான் தின்கின்றன, புரதத்தையும் கொழுப்பையும் பெரும்பாலும் தொடுவதில்லை. அவை விட்டுவைப்பது லாக்டிக் அமிலம், அதாவது புளிப்பு. பாலைக் கெடுக்கும் கூட்டம் வேறு. அது புரதத்தைச் சிதைத்துக் கசப்பையும் அழுகல் நாற்றத்தையும் உண்டாக்கும், கொழுப்பைச் சிதைத்துச் சிக்கு வாடையைக் கொண்டுவரும். வெறும் பாலை வெளியில் வைத்தால் இந்த எல்லாக் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கும். யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியாது.

உறை ஊற்றும்போது நாம் செய்வது, அந்த ஓட்டத்தில் ஒரு கூட்டத்தை முன்கூட்டியே உள்ளே அனுப்புவது. பாலைக் காய்ச்சியதும் அதிலிருந்த கிருமிகளில் பெரும்பாலானவை செத்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 40 டிகிரிக்கு, ஆறியபிறகு ஒரு கரண்டி தயிரைக் கலக்கிறோம். நல்ல தயிரில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 1 கோடி பாக்டீரியாவாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் சொல்கிறது. பெரியார் பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல இந்தக் கோடிக்கணக்கான உயிர்கள் மற்றவை ஏறுவதற்குள் பால் முழுவதையும் பிடித்துக்கொள்கின்றன. பிறகு அவை விடும் அமிலமே காவல் வேலையைப் பார்க்கும்.

அந்தக் காவலை ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு வகையில் அளப்போம். ஒன்று, தயிரில் சில சொட்டு பினால்ஃப்தலின் விட்டுவிட்டு, மெல்லிய சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டே போய், இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நிற்கும் இடத்தில் எவ்வளவு செலவாயிற்று என்று கணக்கெடுப்பது. இன்னொன்று பிஹெச் எண். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நல்ல பாலுக்கு அது 6.6 அளவில் இருக்கும். 4.6 அளவுக்கு இறங்கும்போது பாலில் மிதந்துகொண்டிருந்த கேசின் புரதம் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். நாம் உறைந்துவிட்டது என்று சொல்வது இதைத்தான். சித்திரை வைகாசியில், மதுரைச் சமையலறை வெக்கையில், ஐந்தாறு மணி நேரத்தில் இந்த இடம் வந்துவிடும். மார்கழி இரவில் விடிய விடிய ஆகும். வெயில் காலத்தில் இரவு உறை ஊற்றினால் காலையில் பல் கூசுவது இதனால்தான். உறைந்தபிறகும் வேலை நிற்காமல், வெக்கையில் அது மேலும் மேலும் புளித்துக்கொண்டே போயிருக்கிறது.

ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த வேலை நத்தை வேகத்துக்குக் குறையும். முழுதாக நிற்காது. பேத்தியின் பாக்கெட் வாங்கிய நாளைவிட அதிகம் புளித்திருந்ததற்குக் காரணம் இதுவே. பிஹெச் நாலு பக்கம் போகும்போது, புளிக்க வைத்த பாக்டீரியாவுக்கே தன் அமிலம் தாங்காமல் வேலை சுணங்கிவிடும். இந்தப் புளிப்பில் டைபாய்டு வகைக் கிருமியும், நச்சைச் சுரக்கும் ஸ்டஃபிலோகாக்கசும் பெருக முடியாமல் திணறுகின்றன. பல கிருமிகள் நாள் போகப் போகச் சாகின்றன. மேலே பிரிந்து நிற்கும் தெளிந்த தண்ணீர், புரத வலை இறுகும்போது பிழிந்து வெளிவந்ததுதான். அதைக் கலக்கிவிட்டால் போதும். ஆக, சுத்தமாகப் புளித்த தயிரை நாக்குக்குப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கலாம், ஆபத்து என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் அது எப்போதும் மோர்க்குழம்புக்கும், மோர்க்களிக்கும், மோர் மிளகாய் ஊறப்போடுவதற்கும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நான் பயப்படுவது புளிக்காத தயிருக்கு. இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். புளிப்பு காவல் என்றால், அந்தக் காவல் வந்து சேர்வதற்கு முந்தைய நேரமும், வந்த காவல் போய்விட்ட பிறகான நேரமும்தான் திருடனுக்கு வாய்ப்பு.

வந்து சேராத காவலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இரவு உறை ஊற்றுகிறீர்கள், காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது, அல்லது கொழகொழவென்று அரைகுறையாக நிற்கிறது. உறைமோர் பழசாகிச் செத்திருக்கலாம். பால் சூடாக இருக்கும்போதே ஊற்றியதால் வெந்து போயிருக்கலாம். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் விலக்கி வைக்க வேண்டும். அப்படி வைக்காமல் கறந்து ஊற்றியிருந்தால் அந்த மருந்து பாலில் இருந்து உறைமோர் பாக்டீரியாவைக் கொன்றிருக்கும். எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். வெதுவெதுப்பான பால், காவலே இல்லாமல், எட்டு பத்து மணி நேரம் கிடந்திருக்கிறது. காய்ச்சியபோது சாகாமல் தப்பிய வித்துகளும், கரண்டியிலிருந்தும் கையிலிருந்தும் விழுந்த கிருமிகளும் அந்த நேரம் முழுவதும் தடையில்லாமல் பெருகியிருக்கும். "இன்னும் ஒரு கரண்டி தயிர் ஊத்தி வச்சா மத்தியானம் உறைஞ்சிரும்" என்று நிறையப் பேர் செய்கிறார்கள். உறையும், உண்மைதான். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஏற்கெனவே நச்சை விட்டிருந்தால் பின்னால் வரும் புளிப்பு அந்த நச்சை அழிக்காது, கொதிக்க வைப்பதும் அழிக்காது. இரவு முழுவதும் வெளியில் கிடந்து உறையாத பாலைக் கொட்டிவிடுங்கள். அரை லிட்டர் பாலின் விலையை அங்கே பார்க்காதீர்கள்.

கட்டுச்சோற்றுத் தயிர் சாதத்திலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. தூரப் பயணத்துக்குக் கட்டும்போது, மத்தியானத்துக்குள் புளித்துவிடக் கூடாதே என்று, சோற்றைக் குழைய மசித்து, நிறையப் பாலை ஊற்றி, தயிரைப் பெயருக்கு ஒரு கரண்டி மட்டும் விடுவது நம் ஊர் வழக்கம். சாப்பிடும் நேரத்தில் பதமாக இருக்கும் என்பது சரி. அதில் அடங்கியிருக்கும் கணக்கைப் பாருங்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் ஒரு நச்சை விடும். அந்த நச்சைத் திரும்பச் சூடு பண்ணி அழிக்க முடியாது. தயிரின் புளிப்பு முழுதாக ஏறிவிட்ட இடத்தில் இந்த பாக்டீரியா பெருகுவது கடினம். ஆனால் காலை ஆறு மணிக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுக் கட்டிய சோற்றில் அந்தப் புளிப்பு வருவதற்குப் பத்துப் பதினொரு மணி ஆகிவிடும். இடைப்பட்ட நாலைந்து மணி நேரம், பேருந்தின் வெக்கையில், சோறு காவல் இல்லாமல்தான் போகிறது.

அதற்காகத் தயிர் சாதம் கட்டாதே என்று சொல்ல மாட்டேன். சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆற விடுங்கள். ஆவி பறக்கும் சோற்றில் தயிரை விட்டால் உறைமோர் உயிர்கள் வெந்துபோய், வெறும் வெள்ளைச் சோறுதான் மிஞ்சும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு, பாலைக் குறைத்துத் தயிரைத் தாராளமாக விட்டுப் பிசையுங்கள். புளிக்கும் என்ற பயம் வேண்டாம். கொஞ்சம் புளித்தால்தான் நல்லது. முந்தின நாள் மிஞ்சிய சோற்றில், அதுவும் இரவெல்லாம் தண்ணீர் ஊற்றாமல் வெளியில் கிடந்த சோற்றில், தயிரை விட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பசியோடு சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், பழி தயிர் மீது விழும், குற்றம் சோற்றில் இருக்கும்.

இனி, வந்த காவல் போய்விடுவது. தயிரில் மீதிச் சர்க்கரை நிறைய உண்டு. உறைமோர் பாக்டீரியா பால் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தின்று முடிப்பதில்லை. இந்த மீதியையும், சில வேளை லாக்டிக் அமிலத்தையே கூடவும் தின்னக்கூடிய இரண்டு கூட்டம் இருக்கின்றன. அவை ஈஸ்டும் பூசணமும். இவற்றைப் புளிப்பு தடுக்காது, குளிரும் முழுதாகத் தடுக்காது. ஈஸ்ட் பெருகினால் வாயு வரும், பாக்கெட் உப்பும், தயிரில் குமிழிகள் தெரியும், கள் வாடை அல்லது மாவு பொங்கிய வாடை அடிக்கும். பால் பண்ணையில் சுத்தம் குறைந்து வேறு பாக்டீரியா நுழைந்திருந்தாலும் வாயு வந்து உப்பலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று பிரிக்க முடியாது. எனவே உப்பிய பாக்கெட்டைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம், தேதி மிச்சமிருந்தாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

பூசணம் இன்னும் ஒரு படி மோசம். மேலே பஞ்சு மாதிரி வெள்ளையாகவோ, பச்சையாகவோ, கறுப்பாகவோ ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். கரண்டியால் அந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கம் எங்கள் தலைமுறையில் உண்டு. அதை நீங்கள் தொடர வேண்டாம். தயிர் மிருதுவான பண்டம், பூசணத்தின் நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். அதைவிட முக்கியம், பூசணம் லாக்டிக் அமிலத்தைத் தின்று தன்னைச் சுற்றியுள்ள இடத்தில் புளிப்பைக் குறைத்துவிடும். அதாவது காவல்காரனையே அது விழுங்கிவிடுகிறது. அதன்பிறகு அந்த இடத்தில் மற்றக் கிருமிகளும் வளர முடியும். சில பூசணங்கள் நச்சும் விடும். 2013இல் அமெரிக்காவில் சோபானி நிறுவனம் ம்யூகர் என்ற பூசணம் கலந்ததால் தன் தயிர்க் கிண்ணங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. சாப்பிட்ட பலர் உடம்புக்கு முடியவில்லை என்று புகார் சொன்னார்கள், கிண்ணங்கள் உப்பியிருந்ததாகவும் சொன்னார்கள். பூசணம் கண்ட தயிரைக் குழம்பு வைத்தாலும் சரியாகாது. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத் திட்டுகள், கசப்பு, அழுகல் வாடை, சோப்பு மாதிரி சிக்கு வாடை, இவற்றில் எது இருந்தாலும் முழுப் பாத்திரத்தையும் கொட்டிவிட்டு, அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் வையுங்கள். அதிலிருந்து உறைமோர் எடுக்காதீர்கள்.

நூல் விடும் தயிரைப் பற்றிப் பலர் கேட்பார்கள். சில வகை உறைமோர் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான ஒரு பொருளைச் சுரக்கும். அந்தத் தயிர் கரண்டியில் நூலாக இழுபடும், வாசனையும் ருசியும் சுத்தமாக இருக்கும், சாப்பிடலாம். நூலோடு கெட்ட வாடையும் சேர்ந்து வந்தால் அது வேறு கூட்டத்தின் வேலை. வித்தியாசத்தை மூக்கு சொல்லிவிடும். மூக்குக்கும் ஓர் எல்லை உண்டு. நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு வாசனையே கிடையாது. அந்த இடத்தில் நம்மைக் காப்பது, பாலைக் காய்ச்சினோமா என்ற ஒரே கேள்வி. பச்சைப் பாலில் உறை ஊற்றிய தயிரில் ஈ. கோலையில் புளிப்பைத் தாங்கும் வகையும், மாட்டிடமிருந்து வரும் புரூசெல்லாவும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கக் கூடும். கறந்த சூட்டிலேயே உறை ஊற்றினால்தான் சத்து என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தயிருக்குள் நாம் சேர்க்கும் பொருள் வழியாகவும் ஆபத்து வரலாம். 1989 ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஹேசல்நட் சேர்த்த தயிர் சாப்பிட்ட 27 பேருக்கு பொட்டுலிசம் என்ற வாத நோய் கண்டது, ஒருவர் இறந்தார். விசாரித்துப் பார்த்ததில் தயிரில் குற்றமில்லை. அதில் கலந்த ஹேசல்நட் விழுதில் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பைப் போட்டிருந்தார்கள், டப்பாவில் அடைத்தபோது போதிய சூடும் தரவில்லை. சர்க்கரை செய்துவந்த காவல் போய்விட்டதால் டப்பாவுக்குள்ளேயே நச்சு உருவாகிவிட்டது. அந்த விழுது புளிப்பான தயிருக்குள் போனபிறகு கிருமி பெருகவில்லை, ஏற்கெனவே இருந்த நச்சு மட்டும் அப்படியே இருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தயிர்ப் பச்சடிக்கு நேற்று நறுக்கிய வெங்காயத்தையும், வெளியில் வைத்திருந்த பூந்தியையும், மிஞ்சிய சோற்றையும் போட்டுவிட்டு, தயிர் இருக்கிறதே என்று நம்பக் கூடாது.

இப்போது தேதிக்கு வருகிறேன். பாக்கெட்டில் இரண்டு விதமான வாசகம் வரலாம். "பெஸ்ட் பிஃபோர்" என்றிருந்தால், அந்த நாள் வரை ருசியும் பதமும் நன்றாக இருக்கும் என்று தயாரித்தவர் உறுதி தருகிறார், அதற்குப் பின்னும் பண்டம் சாப்பிடத் தகுந்ததாக இருக்கலாம். "யூஸ் பை" அல்லது "எக்ஸ்பைரி" என்றிருந்தால், அந்த நாளுக்குப் பிறகு தரத்துக்கும் பாதுகாப்புக்கும் அவர் பொறுப்பேற்கவில்லை, கடைக்காரர் அதை விற்கக் கூடாது. இரண்டுமே திறக்காத பாக்கெட்டுக்கு, அதில் எழுதியிருக்கும் குளிரில் வைத்திருந்தால் மட்டும்தான் பொருந்தும். இரவில் கரண்ட் கட்டணம் மிச்சம் என்று ஃப்ரிட்ஜை அணைத்துவிடும் கடையில் வாங்கிய பாக்கெட்டுக்கு, தேதி இன்னும் நாலு நாள் மிச்சமிருந்தாலும் நான் மதிப்புத் தர மாட்டேன். நன்றாகக் குளிரில் இருந்த, திறக்காத, உப்பாத, சுத்தமாகப் புளித்த பாக்கெட்டைத் தேதி தாண்டி இரண்டு மூன்று நாளில் நான் சமையலுக்கு எடுத்துக்கொள்வேன். அதற்கு மேல் போனால் எடுக்க மாட்டேன். திறந்த பாக்கெட்டில் கரண்டி போட்டாயிற்று, காற்று பட்டாயிற்று, அதற்கு அச்சடித்த தேதி செல்லாது. இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

இந்தச் சலுகை தெம்பாக இருப்பவர்களுக்குத்தான். கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கும், உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கும், என்னைப் போல வயதானவர்களுக்கும் தேதி தாண்டியதைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு அன்றாடம் காய்ச்சி உறை ஊற்றிய புதுத் தயிர்தான் ஏற்றது.

கடைசியாக எங்கள் ஊர் நீர்மோரைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை மாதம் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் அழகர்கோவில் சாலையிலும், தல்லாகுளத்திலும், ஆற்றங்கரையிலும் நீர்மோர்ப் பந்தல்கள் நிற்கும். வெயிலில் வருகிற ஜனம் வாங்கி வாங்கிக் குடிக்கும். அதில் ஊற்றும் தயிர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு பங்கு தயிருக்கு நாலைந்து பங்கு தண்ணீரும் ஐஸும் சேர்ந்தபின் புளிப்பின் காவல் நீர்த்துப்போகிறது. அங்கே மிஞ்சுவது தண்ணீரின் சுத்தமும் ஐஸின் சுத்தமும்தான். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை அண்டாவுக்குள் இறக்காதீர்கள். குளிர வைக்க வேண்டுமானால் மோர்ப் பானையை ஐஸுக்கு நடுவில் வையுங்கள், ஐஸைப் பானைக்குள் போடாதீர்கள். குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கரையுங்கள். கறிவேப்பிலையையும் மல்லித்தழையையும் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். காலையில் கரைத்ததை மத்தியானம் வரை நீட்டாமல், இரண்டு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது கரைத்து ஊற்றுங்கள். பந்தல் போடும் இளவட்டங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்.